நீதிமன்ற அவமதிப்பு ஆணையை ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதுவது எப்படி: சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் உறவினரோ வணிகப் பங்காளியோ சங்க நிர்வாகியோ உயர் நீதிமன்றத்தின் நாற்பது பக்கத் தீர்ப்பை நீட்டி, "என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் எங்கிருந்து தொடங்குவது? தேக்காவில் கடை வைத்திருக்கும் சிலருக்காக நான் இதைச் செய்ய வேண்டி வந்தபோது, தமிழில் வழிகாட்டும் குறிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. அவமதிப்புத் தீர்ப்பைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட, அதில் எதை விட்டுவிடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது. நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அவமதிப்பில் பல வகைகள் உண்டு. நீதிபதிகளை இழிவுபடுத்தி எழுதுவது ஒன்று, நடந்துகொண்டிருக்கும் வழக்கை முன்கூட்டியே தீர்ப்பதுபோல் எழுதுவது இன்னொன்று. சாதாரண மக்கள் கைக்கு அதிகம் வருவது நீதிமன்ற ஆணைக்குக் கீழ்ப்படியாத வகை. அதைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். சுருக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும்: எந்தச் செயல் கீழ்ப்படியாமை என்று முடிவானது, என்ன மன்னிப்புக் கேட்கப்பட்டது, என்ன தண்டனை கிடைத்தது.

விளக்குவதற்காக ஒரு வழக்கை நானே கற்பனையாக அமைத்துக்கொள்கிறேன். மளிகை மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்த விற்பனை மேலாளர் விலகிப் போய்ச் சொந்தக் கடை தொடங்கினார். போகும்போது வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துச் சென்றார் என்று முதலாளி வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் ஓர் ஆணை போட்டது. அதை மேலாளர் மீறினார் என்று அவமதிப்பு மனு வந்தது. இந்த வழக்கை ஒவ்வொரு படியிலும் தொடர்ந்து பார்ப்போம்.

1. மூன்று தாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

அவமதிப்புத் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு எழுத உட்காராதீர்கள். முதல் தாள், மீறப்பட்டதாகச் சொல்லப்படும் பழைய ஆணை. இரண்டாவது, அவமதிப்பு நடந்ததா என்று முடிவு சொல்லும் தீர்ப்பு. மூன்றாவது, தண்டனை பற்றிய முடிவு. இரண்டாவதும் மூன்றாவதும் சில வேளைகளில் ஒரே தீர்ப்பில் இருக்கும்; பல வேளைகளில் மாதங்கள் இடைவெளி விட்டுத் தனித்தனியாக வரும். சமூக ஆர்வலர் ஜொலோவன் வாம் வழக்கு வேறு வகை அவமதிப்பு என்றாலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் அவமதிப்பு செய்தார் என்ற முடிவு 2018 அக்டோபரில் வந்தது. 5,000 வெள்ளி அபராதம் 2019 ஏப்ரலில்தான் விதிக்கப்பட்டது. முதல் தீர்ப்பை மட்டும் படித்தவர் தண்டனை இல்லை என்று நினைத்துவிடுவார்.

வெளியிடப்பட்ட தீர்ப்புகளை eLitigation தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். தீர்ப்பின் தலைப்பில் ஆண்டும் நீதிமன்றக் குறியீடும் எண்ணும் இருக்கும். `[2016] SGCA 8` என்பது 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வெளியிட்ட எட்டாவது தீர்ப்பு. `SGHC` என்றால் உயர் நீதிமன்றம், `SGDC` என்றால் மாவட்ட நீதிமன்றம். இந்தக் குறியீட்டைச் சுருக்கத்தின் மேல் மூலையில் அப்படியே எழுதிவையுங்கள். தண்டனையின் உச்சவரம்பு நீதிமன்றத்தைப் பொறுத்து மாறுவதால் இது பின்னால் பயன்படும்.

எல்லா அவமதிப்பு முடிவுகளுக்கும் விரிவான தீர்ப்பு வெளிவருவதில்லை. இரண்டு பக்க ஆணை மட்டுமே கையில் இருக்கலாம். அப்படியானால் அந்த இரண்டு பக்கத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்; காரணங்களை நீங்களாகச் சேர்க்காதீர்கள். வழக்குக் கோப்பில் உள்ள மற்ற ஆவணங்கள் தேவையென்றால் வழக்கில் தொடர்புடையவர் தம்முடைய வழக்கறிஞரிடமே கேட்டு வாங்குவது எளிது. வெளியாள் ஒருவர் நீதிமன்றக் கோப்பைப் பார்வையிட விண்ணப்பமும் கட்டணமும் உண்டு. ஒரு பக்கச் சுருக்கத்துக்கு அந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது.

2. பழைய ஆணையின் சொற்களை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கீழ்ப்படியாமை என்பது ஆணையில் எழுதப்பட்ட சொற்களுக்கு எதிராக அளக்கப்படுவது. யார் நல்லவர், யார் முதலில் சண்டையைத் தொடங்கினார் என்பது இங்கே கேள்வியே இல்லை. வழக்கின் முன்கதை தீர்ப்பில் பதினைந்து பக்கம் ஓடலாம்; உங்கள் சுருக்கத்தில் அதற்கு இரண்டு வரி போதும்.

நம் கற்பனை வழக்கில் ஆணைக்கு மூன்று பிரிவுகள். ஒன்று: ஆணை கையளிக்கப்பட்டதிலிருந்து 14 நாள்களுக்குள் பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, தன்னிடமுள்ள எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும். இரண்டு: அதே கெடுவுக்குள், அப்படிச் செய்துவிட்டதாகச் சத்தியப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று: இரண்டு ஆண்டுகளுக்குப் பட்டியலில் உள்ள எந்த வாடிக்கையாளரையும் விற்பனைக்காகத் தொடர்புகொள்ளக் கூடாது.

ஆணை மார்ச் 3ஆம் தேதி பிறப்பிக்கப்பட்டது. மேலாளர் கையில் நேரில் கொடுக்கப்பட்டது மார்ச் 6. கெடு மார்ச் 6இலிருந்து ஓடுகிறது, ஆகவே மார்ச் 20இல் முடிகிறது. மார்ச் 3இலிருந்து எண்ணினால் மூன்று நாள் பிசகிவிடும். "பிறப்பித்த நாளிலிருந்து" என்றா "கையளித்த நாளிலிருந்து" என்றா ஆணை சொல்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். ஆணை அவரிடம் நேரில் சேர்ந்ததா, கீழ்ப்படியாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்ற எச்சரிக்கைக் குறிப்பு அதில் இருந்ததா என்பதைத் தீர்ப்பு பேசியிருந்தால், அதையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வாதாடும்.

சில வழக்குகளில் ஆணைக்குப் பதிலாக, ஒருவர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்குறுதி இருக்கும். அதை மீறுவதும் அவமதிப்புதான். அப்போது "ஆணையை மீறினார்" என்று எழுதாமல் "நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்குறுதியை மீறினார்" என்று எழுதுங்கள்.

3. குற்றச்சாட்டையும் முடிவையும் பிரித்துவிடுங்கள்

என் அனுபவத்தில் அதிகச் சேதம் விளைவிக்கும் பிழை இந்தப் படியில்தான் நேர்கிறது. மனுதாரர் ஆறு மீறல்கள் என்று சொல்லியிருப்பார். நீதிமன்றம் இரண்டை மட்டும் ஏற்றிருக்கும். தீர்ப்பின் முதல் பாதியில் ஆறும் விரிவாக விவரிக்கப்பட்டிருப்பதால், அவசரத்தில் படிப்பவர் ஆறையும் நடந்தவையாக எழுதிவிடுகிறார். நிரூபணமாகாத ஒன்றை ஒருவர் தலையில் ஏற்றுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். உங்களையும் சிக்கலில் மாட்டிவிடும்.

ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் குற்றச்சாட்டு, இரண்டாவதில் ஆணையின் எந்தப் பிரிவு, மூன்றாவதில் நீதிமன்றத்தின் முடிவும் தீர்ப்பின் பத்தி எண்ணும். சிங்கப்பூர்த் தீர்ப்புகளில் ஒவ்வொரு பத்திக்கும் எண் உண்டு என்பதால் இது எளிது. மூன்றாவது கட்டத்தில் பத்தி எண் எழுத முடியாவிட்டால், அந்த முடிவை நீங்கள் தீர்ப்பிலிருந்து எடுக்கவில்லை என்று பொருள். திரும்பிப் போய்த் தேடுங்கள்.

நம் வழக்கில் குற்றச்சாட்டுகள் நான்கு. பிரமாணப் பத்திரம் ஏப்ரல் 12இல்தான் தாக்கலானது, 23 நாள் தாமதம்: நிரூபணமானது. பட்டியலின் ஒரு பிரதி கைபேசியில் அழிக்கப்படாமல் இருந்தது: நிரூபணமானது. ஐந்து வாடிக்கையாளர்களைத் தொடர்புகொண்டார்: இருவர் விஷயத்தில் மட்டும் நிரூபணமானது, மற்ற மூவர் தாங்களாகவே அவரை அழைத்திருக்கக்கூடும் என்ற ஐயம் நீங்கவில்லை. பழைய ஊழியர் ஒருவரைத் தூண்டிவிட்டார்: ஆணையில் அதைத் தடுக்கும் சொல்லே இல்லை, ஆகவே தள்ளுபடி.

மூன்றாவது குற்றச்சாட்டைக் கவனியுங்கள். அவமதிப்பை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சாதாரணப் பண வழக்கில் "எது நடந்திருக்க அதிக வாய்ப்பு" என்று பார்ப்பதைவிட இது மிகக் கடினமான அளவுகோல். அதனால் ஒரே குற்றச்சாட்டில் ஒரு பகுதி நிற்பதும் ஒரு பகுதி விழுவதும் சகஜம். "வாடிக்கையாளர்களைத் தொடர்புகொண்டார்" என்று பொதுவாக எழுதாமல் "இரண்டு வாடிக்கையாளர்களை" என்று எழுதுவது இதனால்தான்.

மனநிலை பற்றியும் ஒரு வரி வேண்டும். "மீற வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை" என்பது பலரும் சொல்லும் பதில். ஆனால் செயலை வேண்டுமென்றே செய்தாரா, அதை மீறலாக்கும் விவரங்கள் அவருக்குத் தெரியுமா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். இது ஆணையை மீறுகிறது என்று அவர் உணர்ந்திருக்க வேண்டியதில்லை. ஆணையின் பொருளை நேர்மையாகவும் நியாயமாகவும் தவறாகப் புரிந்துகொண்டவருக்குச் சட்டத்தில் ஒரு தற்காப்பு உண்டு. அதை எதிர்த்தரப்பு எழுப்பியிருந்தால், நீதிமன்றம் ஏற்றதா இல்லையா என்பதைச் சுருக்கத்தில் விட்டுவிடாதீர்கள்.

பெயர்களிலும் கவனம் தேவை. பழைய வழக்கில் பிரதிவாதியாக இருந்தவர் அவமதிப்பு மனுவில் மனுதாரராக மாறியிருக்கலாம். "வாதி", "பிரதிவாதி" என்று எழுதிக்கொண்டே போனால் பாதியில் ஆள் மாறிவிடும். "முதலாளி", "மேலாளர்" என்று அவர்களின் உறவைக் கொண்டே அழையுங்கள்.

4. மன்னிப்பு: எப்போது, எந்தச் சொற்களில், எதைச் செய்துவிட்டு

"மன்னிப்புக் கேட்டார்" என்ற ஒற்றை வரி எதையும் சொல்லாது. மூன்று விவரங்கள் வேண்டும்.

முதலாவது, நேரம். மனு வந்த உடனே கேட்ட மன்னிப்புக்கும், அவமதிப்பு நிரூபணமான பிறகு தண்டனை விசாரணைக்குச் சில நாள் முன்பு கேட்ட மன்னிப்புக்கும் நீதிமன்றம் தரும் எடை ஒன்றல்ல. இரண்டாவது, சொற்கள். நம் மேலாளர் ஜூன் மாதம் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், "என் செயலால் யாருக்கேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்றார். இது நிபந்தனையோடு கூடிய வருத்தம். மீறினேன் என்ற ஒப்புதல் அதில் இல்லை. அக்டோபர் 7இல் தாக்கல் செய்த இரண்டாவது பத்திரத்தில், "ஆணையை மீறினேன், நீதிமன்றத்திடம் நிபந்தனையின்றி மன்னிப்புக் கோருகிறேன்" என்றார். மூன்றாவது, செயல். இரண்டாவது பத்திரத்தோடு, கைபேசியிலிருந்த பிரதி அழிக்கப்பட்டதாகக் கணினி வல்லுநர் ஒருவரின் அறிக்கையையும் இணைத்தார். மீறலைச் சரிசெய்துவிட்டு வரும் மன்னிப்புக்கு மதிப்பு கூடும்.

பிறகு நீதிமன்றம் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைத் தேடுங்கள். கேட்கப்பட்டது என்பதும் ஏற்கப்பட்டது என்பதும் வேறு வேறு. "தாமதமாக வந்தாலும் உண்மையான வருத்தம், தண்டனையைக் குறைக்கக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்" என்று இருக்கலாம். "சிறைக்கு அஞ்சிக் கேட்டது" என்றும் இருக்கலாம். மன்னிப்புக் கேட்டதால் அவமதிப்பு நடக்கவில்லை என்று ஆகிவிடாது. பெரும்பாலும் தண்டனையின் அளவில்தான் அது வேலை செய்யும்.

மன்னிப்பே கேட்கப்படவில்லை என்றால், தீர்ப்பு அப்படிச் சொன்னால் மட்டும் "மன்னிப்புக் கேட்கவில்லை" என்று எழுதுங்கள். தீர்ப்பு பேசாமல் விட்டிருந்தால் "தீர்ப்பில் மன்னிப்புப் பற்றிக் குறிப்பு இல்லை" என்பதுதான் சரியான வரி.

5. தண்டனை: எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள்

2017 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர் நீதிமன்றமும் அதற்கு மேற்பட்டவையும் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மற்ற நீதிமன்றங்களுக்கு வரம்பு 20,000 வெள்ளி, 12 மாதச் சிறை. இவை உச்சவரம்புகள் மட்டுமே. படிப்பவர் பதறிப்போகும் வகையில் சுருக்கத்தின் தொடக்கத்தில் இவற்றைப் போடாதீர்கள். தேவையென்றால் கடைசியில் ஒரு வரியாகப் போடலாம்.

நம் வழக்கில் அக்டோபர் 14இல் தண்டனை விதிக்கப்பட்டது. 6,000 வெள்ளி அபராதம், 21 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஏழு நாள் சிறை. அதோடு பத்து நாள் சிறைத்தண்டனை, ஆனால் மூன்றாம் பிரிவுக்குக் கீழ்ப்படிந்து நடந்தால் 12 மாதங்களுக்கு நிறுத்திவைப்பு. முதலாளியின் வழக்குச் செலவுக்காக 9,000 வெள்ளி.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. முதல் பொறி, "17 நாள் சிறை" என்று கூட்டி எழுதுவது. ஏழு நாள் அபராதம் கட்டாவிட்டால் மட்டும். பத்து நாள் மறுபடி மீறினால் மட்டும். இரண்டும் நடக்காமலே போகலாம். அதற்காக, கட்டாவிட்டால் வரும் சிறையைச் சிறு எழுத்தாக நினைத்து விட்டுவிடவும் கூடாது: ஜொலோவன் வாம் அந்த 5,000 வெள்ளியைக் கட்டாமல் 2020இல் ஒரு வாரம் சிறையில் இருந்தார். இரண்டாவது பொறி, "15,000 வெள்ளி அபராதம்" என்று எழுதுவது. அபராதம் அரசுக்குப் போகிறது. வழக்குச் செலவு எதிர்த்தரப்புக்குப் போகிறது. ஒன்று தண்டனை, மற்றது தண்டனை அல்ல. இரண்டையும் இரண்டு வரிகளில் எழுதுங்கள். மூன்றாவது பொறி, நிறுத்திவைத்த சிறையின் நிபந்தனையை விட்டுவிடுவது. எதைச் செய்தால் சிறை உயிர்பெறும், எந்த நாள்வரை என்பதுதான் அந்த மனிதருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் உடனடியாகத் தெரிய வேண்டிய தகவல்.

தண்டனைக்கான காரணத்துக்கு இரண்டு வாக்கியம் போதும். மீறியவரின் மனப்போக்கும் நோக்கமும், மீறலைத் திருத்த முடியுமா, அபராதம் மட்டும் போதுமா, வருத்தம் தெரிவித்தாரா போன்றவற்றை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று, முதல் படியில் குறியீட்டுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன `[2016] SGCA 8` தீர்ப்பு குறிப்பிடுகிறது. உங்கள் கையில் உள்ள தீர்ப்பு இவற்றில் எதை அழுத்திச் சொல்கிறது என்று பார்த்து அதை மட்டும் எழுதுங்கள்.

6. ஒரு பக்கமாக எழுதுதல்

கட்டங்கள் நிரம்பிய பிறகு எழுத்து வேலை குறைவுதான். நம் வழக்கின் சுருக்கம் இப்படி வரும்:

*மார்ச் 3ஆம் தேதி ஆணையின்படி மேலாளர் மார்ச் 20க்குள் வாடிக்கையாளர் பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, பிரதிகளை அழித்து, அதை உறுதிப்படுத்தும் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு அந்த வாடிக்கையாளர்களைத் தொடர்புகொள்ளக் கூடாது. மூன்று மீறல்கள் நிரூபணமாயின: பத்திரம் 23 நாள் தாமதம், கைபேசியில் ஒரு பிரதி இருந்தது, இரண்டு வாடிக்கையாளர்களைத் தொடர்புகொண்டார். மற்ற மூன்று வாடிக்கையாளர்கள், பழைய ஊழியர் பற்றிய குற்றச்சாட்டுகள் ஏற்கப்படவில்லை. ஜூன் மாதம் நிபந்தனையோடு வருத்தம் தெரிவித்தார். அக்டோபர் 7இல் நிபந்தனையின்றி மன்னிப்புக் கோரி, பிரதி அழிக்கப்பட்டதற்கான அறிக்கையையும் கொடுத்தார். தாமதமானாலும் உண்மையானது என்று நீதிமன்றம் அதை ஓரளவு கணக்கில் எடுத்துக்கொண்டது. தண்டனை: 6,000 வெள்ளி அபராதம், நவம்பர் 4க்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஏழு நாள் சிறை. கூடுதலாகப் பத்து நாள் சிறை, 12 மாதங்களுக்கு நிறுத்திவைப்பு. அதற்குள் வாடிக்கையாளர்களைத் தொடர்புகொண்டால் நடப்புக்கு வரலாம். தனியாக, முதலாளிக்கு வழக்குச் செலவு 9,000 வெள்ளி.*

"21 நாளுக்குள்" என்பதை "நவம்பர் 4க்குள்" என்று தேதியாக மாற்றியிருப்பதைப் பாருங்கள். படிப்பவர் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள இதுதான் உதவும். மாற்றுவதற்கு முன் ஆணை எந்த நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது என்று மறுபடி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நாற்பது பக்கத் தீர்ப்புக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஒதுக்குங்கள்: ஒன்று கட்டங்களை நிரப்ப, மற்றது எழுத. எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து, பத்தி எண்களைத் தீர்ப்போடு ஒப்பிடச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தேதிப் பிழை எளிதில் தெரியாது.

7. யாருக்குக் கொடுக்கலாம், எப்போது திருத்த வேண்டும்

கேட்டவரிடம் கொடுப்பதும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் ஒன்றல்ல. குடும்ப வழக்குகளில் வெளியிடப்படும் தீர்ப்புகளில் பெயர்களுக்குப் பதிலாக எழுத்துக் குறியீடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குழந்தைகளையும் குடும்பத்தையும் காப்பதற்காக. உங்களுக்கு ஆள் யாரென்று தெரிந்திருந்தாலும் சுருக்கத்தில் அந்தக் குறியீட்டையே எழுதுங்கள். மூடிய அறையில் நடந்த விசாரணை என்றால் வெளியே எதுவும் போடுவதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தால், முடிவைப் பற்றிய உங்கள் கருத்தைச் சேர்க்காதீர்கள். நடப்பில் உள்ள வழக்கின் முடிவை முன்கூட்டியே தீர்ப்பதுபோல் வெளியிட்டு, அதனால் விசாரணைக்கு இடர் ஏற்பட்டால் அதுவே தனி அவமதிப்பு ஆகலாம். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் நியாயமான, துல்லியமான செய்தியறிக்கைக்குச் சட்டம் இடம் தருகிறது; துல்லியத்துக்காக நீங்கள் போட்ட கட்டங்களும் பத்தி எண்களும் இங்கேயும் கைகொடுக்கும்.

சுருக்கத்தின் அடியில் "இன்ன தேதிவரையிலான நிலை" என்று எழுதுங்கள். அபராதம் கட்டியாயிற்றா, மேல்முறையீடு தாக்கலாயிற்றா, நிறுத்திவைத்த காலம் முடிந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் மாறும்போது அந்தப் பக்கத்தைத் திருத்தி, பழைய பிரதியை வைத்திருப்பவர்களுக்கு அனுப்புங்கள். நம் மேலாளரின் வழக்கில் அந்தத் தேதிகள் நவம்பர் 4உம், அடுத்த ஆண்டு அக்டோபர் நடுப்பகுதியும்.